“சராசரி ஆழம் நாலடி”: மாமா அனுப்பிய ரிட்டயர்மென்ட் கார்ட்டூனும் எஸ்டபிள்யூபி கணக்கும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் மாமா ஒரு கார்ட்டூனை ஃபார்வர்ட் செய்திருந்தார். எங்கிருந்தோ அவருக்கு வந்தது. ஒருத்தர் கழுத்தில் மாலையோடு, கம்பெனியில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறார். கரையில் ஒரு போர்டு: “சராசரி ஆழம் 4 அடி”. அடுத்த கட்டத்தில் ஆளைக் காணோம். கடிகாரம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. கரையில் டை கட்டின ஒருத்தர் சொல்கிறார்: “பயப்படாதீங்க சார், சராசரியா பார்த்தா நீங்க மூழ்கவே இல்லை.”

அதற்குக் கீழே மாமாவின் கேள்வி: “தண்ணி நாலடி, ஆள் அஞ்சரை அடி இருப்பான். சரி, எங்கியோ பள்ளம் இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். இதுல ரிட்டயர்மென்ட் எங்கம்மா வருது? எல்லாரும் சிரிக்கிற பொம்மை போடறாங்க, எனக்கு மட்டும் புரியல.”

சாதாரண நாளாக இருந்தால் நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அடுத்த மாதம் மாமாவுக்கு 58 முடிகிறது. கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் 30 வருடத்துக்கு மேல் வேலை. பிஎஃப், கிராச்சுட்டி எல்லாம் சேர்த்து 60 லட்சம் வரப்போகிறது. அதை அப்படியே ஒரு ஈக்விட்டி ஃபண்டில் போட்டு, மாதம் 50,000 எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏஜென்ட் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார். கார்ட்டூனில் ஆற்றில் இறங்குகிறவர் கிட்டத்தட்ட மாமாவேதான். அதனால் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதினேன். மாமாவிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி செய்து, அந்தப் பதிலை இங்கே தருகிறேன். ரிட்டயர்மென்ட் பணத்தை எஸ்டபிள்யூபியில் போடலாமா என்று வீடியோக்களுக்குக் கீழே கேட்கும் பலருக்கும் இது உதவும்.

மாமா, முதல்ல ஜோக்

மாமா, நீங்க நூல் பார்த்தவர். உங்க பாஷையிலயே சொல்றேன். ஒரு கோன்ல சராசரி கவுண்ட் சரியா 40 வருதுன்னு வச்சுக்குங்க. ரிப்போர்ட்ல எல்லாம் ஓகே. ஆனா நடுவுல ஒரு இடத்துல நூல் மெலிஞ்சிருக்கு. தறியில ஓட்டினா எங்க அறும்? அந்த மெலிஞ்ச இடத்துல தானே? “சராசரி 40 இருக்குதே”ன்னு சொன்னா அறுந்த நூல் ஒட்டிக்குமா?

ஆத்து போர்டும் அதே கதைதான். பாதி தூரம் ரெண்டடி, ஒரு இடத்துல பத்தடி, மறுபடி ரெண்டடின்னு இருந்தாலும் சராசரி நாலடி வந்துடும். கடக்கறவனுக்குத் தெரிய வேண்டியது சராசரி இல்ல. பள்ளம் எங்க இருக்கு, அதுல இறங்கும்போது தன்கிட்ட எவ்வளவு மூச்சு இருக்குங்கறதுதான்.

ரிட்டயர்மென்ட்ல அந்த போர்டுக்குப் பேர் “சராசரி வருமானம் 12%”. கரையில டை கட்டி நிக்கிறவர் யாருன்னு உங்களுக்கே இப்ப தெரிஞ்சிருக்கும்.

ஏஜென்ட் உங்ககிட்ட சொன்ன கணக்கு இதுதானே? “ஃபண்ட் சராசரியா வருஷம் 12% குடுக்குது சார். நீங்க 10% மட்டும் எடுங்க. 60 லட்சத்துக்கு வருஷம் 6 லட்சம், மாசம் 50,000. மீதி 2% உள்ளயே வளரும். அசல்ல கை வைக்கவே வேண்டாம்.” கேட்க ரொம்ப நியாயமா இருக்கு. வருஷா வருஷம் சரியா 12% வந்தா இது உண்மையும் கூட. ஆனா மார்க்கெட் அப்படி வராது. ஒரு வருஷம் 50% ஏறும், ஒரு வருஷம் 30% இறங்கும்.

அதே அஞ்சு வருஷம், வரிசை மட்டும் வேற

ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க. அஞ்சு வருஷ வருமானம் இப்படின்னு வச்சுக்குவோம்: 50%, 30%, 20%, மைனஸ் 10%, மைனஸ் 30%. கூட்டினா 60. அஞ்சால வகுத்தா 12. போர்டுல எழுதின அதே சராசரி.

இதே எண்களைத் தலைகீழா அடுக்கினாலும் சராசரி 12 தான். பணம் எதுவும் எடுக்காம 60 லட்சத்தை விட்டு வச்சா, எந்த வரிசையில வந்தாலும் கடைசியில நிக்கறது சுமார் 88 லட்சம். பெருக்கல்ல வரிசை மாறினா விடை மாறாது இல்லையா, அதனால. (நிஜமாவே வருஷா வருஷம் 12% வளர்ந்திருந்தா 105 லட்சத்துக்கு மேல வந்திருக்கணும். ஏற்ற இறக்கம் இருந்தா, சராசரி காட்டுற அளவுக்குப் பணம் வளராது. போர்டோட முதல் ஏமாத்து இதுதான், ஆனா பெரிய ஏமாத்து அடுத்தது.)

இப்ப ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் 6 லட்சம் எடுங்க. வருஷக் கடைசியில மிச்சம் எவ்வளவுன்னு லட்சத்துல போட்டிருக்கேன்.

| வருஷம் | நல்ல வருஷம் முதல்ல | மிச்சம் | கெட்ட வருஷம் முதல்ல | மிச்சம் |
|---|---|---|---|---|
| 1 | +50% | 81.0 | −30% | 37.8 |
| 2 | +30% | 97.5 | −10% | 28.6 |
| 3 | +20% | 109.8 | +20% | 27.1 |
| 4 | −10% | 93.4 | +30% | 27.5 |
| 5 | −30% | 61.2 | +50% | 32.2 |

ரெண்டு பேரும் எடுத்தது அதே 30 லட்சம். ரெண்டு பேருக்கும் வந்தது அதே அஞ்சு வருமானம். ஒருத்தர்கிட்ட 61 லட்சம் இருக்கு, இன்னொருத்தர்கிட்ட 32 லட்சம். ரெண்டாமவர் ஆறாவது வருஷமும் 6 லட்சம் எடுத்தா, அது இருக்கற பணத்துல கிட்டத்தட்ட 19%. அதுக்கு ஈடு குடுக்க எந்த ஃபண்டாலயும் முடியாது.

அவர் செஞ்ச தப்பு என்ன? ஒண்ணுமே இல்ல மாமா. ரிட்டயர் ஆன தேதிதான். பள்ளம் இந்தக் கரையை ஒட்டி இருந்துச்சு, அவ்வளவுதான். இதை இங்கிலீஷ்ல சீக்வென்ஸ் ரிஸ்க்னு சொல்வாங்க. நாம “வரிசை ஆபத்து”ன்னு வச்சுக்கலாம்.

எஸ்ஐபி கட்டும்போது நண்பன், எஸ்டபிள்யூபியில எதிரி

“நான் பத்து வருஷமா எஸ்ஐபி கட்டறேன், மார்க்கெட் விழுந்தா நல்லதுன்னு நீதானே சொன்ன”ன்னு கேப்பீங்க. சொன்னேன், அது இப்பவும் சரிதான். எஸ்ஐபியில நீங்க யூனிட் வாங்கறீங்க. விலை பாதியானா, அதே காசுக்கு ரெட்டிப்பு யூனிட் கிடைக்கும். ஏறும்போது அது எல்லாம் சேர்ந்து ஏறும்.

எஸ்டபிள்யூபியில அதே மிஷினைத் தலைகீழா ஓட்டறீங்க. மாசா மாசம் வர்ற 50,000 வட்டி இல்ல. உங்க யூனிட்டை வித்து வர்ற காசு. ஒரு யூனிட் விலை, அதாவது என்ஏவி, 100 ரூபாய்னா 60 லட்சத்துக்கு 60,000 யூனிட். மாசம் 50,000 வேணும்னா 500 யூனிட் விக்கணும். மார்க்கெட் பாதியாகி என்ஏவி 50 ஆனா, அதே 50,000க்கு 1,000 யூனிட் போகும். அப்படியே ஒரு வருஷம் ஓடினா 12,000 யூனிட் காலி, ஆரம்பத்துல இருந்ததுல அஞ்சுல ஒரு பங்கு.

அப்புறம் மார்க்கெட் மறுபடி 100க்கு வரும். டிவியில “சரிவு மீண்டது”ன்னு சொல்வாங்க. விலை மீண்டுடுச்சு, ஆனா வித்த யூனிட் திரும்பி வராது. மிச்சம் இருக்கற யூனிட்டுக்கு மட்டும்தான் அந்த ஏற்றம். வேலையில இருக்கறவங்க விஷயத்துல “காத்திருந்தா மார்க்கெட் மீளும்”ங்கறது உண்மை. மாசா மாசம் அதுலயே கை வச்சு அரிசி பருப்பு வாங்கறவங்களால காத்திருக்க முடியாது.

நிஜத்துல நடந்ததா?

“நீ போட்டது கற்பனை எண்”னு சொல்வீங்க. சரி, நிஜ எண்ணே எடுப்போம். 2007 டிசம்பர் கடைசியில சென்செக்ஸ் 20,287. அந்த மாசம் ஒருத்தர் உங்களை மாதிரியே 58ல ரிட்டயர் ஆகி, 60 லட்சத்தையும் சென்செக்ஸ்ல போட்டாருன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு ஜனவரியும் 6 லட்சம் எடுக்கறார். டிவிடெண்டும் வரியும் கணக்குல சேர்க்கல.

| வருஷம் | சென்செக்ஸ் மாற்றம் | வருஷக் கடைசியில மிச்சம் (லட்சம்) |
|---|---|---|
| 2008 | −52% | 25.7 |
| 2009 | +81% | 35.6 |
| 2010 | +17% | 34.8 |
| 2011 | −25% | 21.7 |
| 2012 | +26% | 19.7 |
| 2013 | +9% | 15.0 |
| 2014 | +30% | 11.6 |
| 2015 | −5% | 5.4 |

2016 ஜனவரியில அவருக்கு எடுக்க 6 லட்சம் இல்ல. 66 வயசுல பணம் முடிஞ்சுது. டிவிடெண்டைச் சேர்த்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும், கதை மாறியிருக்காது.

இப்ப அந்த நடு வரிசையில இருக்கற எட்டு எண்ணையும் கூட்டி எட்டால வகுங்க. சராசரி 10% வருது! சராசரியா 10% வந்துச்சு, அவரும் 10% தான் எடுத்தார். ஏஜென்ட் கணக்குப்படி அசல் 60 லட்சம் அப்படியே இருக்கணும். இன்னொண்ணும் பாருங்க. 2015 கடைசியில சென்செக்ஸ் 26,118, அவர் ஆரம்பிச்சப்ப இருந்ததை விட மேல. மார்க்கெட் ஆத்தைக் கடந்துடுச்சு, அவர் கடக்கல. தண்ணிக்கு மேல தெரியற கடிகாரம் இதுதான் மாமா.

அதே பணத்தோட, அதே 6 லட்சம் எடுத்துக்கிட்டு, அஞ்சு வருஷம் முன்னாடி, 2002 கடைசியில இன்னொருத்தர் ரிட்டயர் ஆனார்னு வைங்க. 2003ல இருந்து 2007 வரைக்கும் வரிசையா ஏறின வருஷங்கள். அவரும் 2008 சரிவுல மாட்டினார். அவருக்கும் அந்த வருஷம் பாதிக்கு மேல போச்சு. ஆனா 2008 கடைசியில அவர்கிட்ட சுமார் 122 லட்சம் மிச்சம். அதே பள்ளம்தான், அவர் ஆழமில்லாத பக்கமா நல்லா தூரம் நடந்த பிறகு வந்துச்சு.

உங்ககிட்ட காட்டின சார்ட் எந்த வருஷத்துல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. 2003லயோ, 2009 மார்ச்லயோ, 2020 மார்ச்லயோ ஆரம்பிச்சா எந்த எஸ்டபிள்யூபியும் அழகாத்தான் தெரியும். பொய் இல்ல, ஆனா பள்ளத்தைத் தாண்டின இடத்துல நின்னு எடுத்த போட்டோ.

அப்ப எவ்வளவு எடுக்கலாம்?

பள்ளம் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது, ஏஜென்ட்டுக்கும் தெரியாது. நம்ம கையில இருக்கறது ரெண்டுதான்: எவ்வளவு எடுக்கறோம், எதுல இருந்து எடுக்கறோம்.

முதல்ல எவ்வளவு. அதே 2007 ஆள் 6 லட்சத்துக்குப் பதிலா 3 லட்சம், அதாவது 5% எடுத்திருந்தா, 2017 கடைசியிலயும் அவர்கிட்ட சுமார் 46 லட்சம் இருந்திருக்கும். அதே சரிவு, அதே வரிசை. எடுத்த அளவு பாதியானதும் ஆள் பிழைச்சுட்டார். விலைவாசிக்கு ஏத்த மாதிரி வருஷா வருஷம் கூட்டி எடுத்திருந்தா இதை விடக் கம்மியாத்தான் நிக்கும்.

அமெரிக்காவுல வில்லியம் பெங்கன்னு ஒரு நிதி ஆலோசகர் 1994ல இதைத்தான் பண்ணினார். சராசரியை விட்டுட்டு, ஒவ்வொரு வருஷமும் ரிட்டயர் ஆனவங்களுக்குத் தனித்தனியா என்ன ஆச்சுன்னு கணக்குப் போட்டார். மோசமான வருஷத்துல ஆரம்பிச்சவங்களுக்கும் 30 வருஷம் பணம் தாங்கணும்னா முதல் வருஷம் 4% கிட்டத்தான் எடுக்கணும், அப்புறம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி அதை ஏத்திக்கலாம்னு வந்துச்சு. அது அமெரிக்க மார்க்கெட், அந்த ஊர் விலைவாசி. நமக்கு அப்படியே ஒட்டாது. ஆனா 4% எங்க, உங்க பிளான்ல இருக்கற 10% எங்கன்னு பாருங்க.

எதுல இருந்து எடுக்கறது: உங்க 60 லட்சத்துக்கு

ஏஜென்ட் 50,000னு சொன்னதால நீங்களும் 50,000னு சொல்றீங்க. அத்தைகிட்ட கேட்டேன். வீட்டுச் செலவு, மருந்து, கல்யாண மொய் எல்லாம் சேர்த்து மாசம் 38,000 ஆகுதாம். இபிஎஸ் பென்ஷன் 4,000 வரும்னு சொன்னீங்க. அப்ப பணத்துல இருந்து வர வேண்டியது 34,000. இதை நாலு பாகமா பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல் பாகம், 30 லட்சம், போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல. ஒருத்தர் பேர்ல போடக்கூடிய உச்சவரம்பே அதுதான். இப்ப வட்டி 8.2%. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 உங்க அக்கவுன்ட்டுக்கு வரும், மாசக் கணக்குல 20,500. அரசு காலாண்டுக்கு ஒரு தடவை வட்டியை மாத்தலாம், ஆனா நீங்க போட்ட அன்னைக்கு இருக்கற வட்டி அஞ்சு வருஷத்துக்கு மாறாது. பொதுவா 60 வயசு ஆகணும். ஆனா 55க்கு மேல பணி ஓய்வு பெறறவங்க, ஓய்வுப் பணம் கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள போட்டா சேரலாம். உங்களுக்கு 58ங்கறதால இந்த 3 மாசம் ரொம்ப முக்கியம். விட்டுட்டா 60 வரைக்கும் காத்திருக்கணும். ஓய்வுப் பணம் வந்த தேதிக்கு அத்தாட்சி வேணும்னு கம்பெனியில முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க.

ரெண்டாவது பாகம், 10 லட்சம். 34,000ல 20,500 போக மாசம் 13,500 குறையுது, முதல் வருஷத்துக்கு 1.62 லட்சம். செலவு வருஷம் 6% ஏறினா அஞ்சு வருஷத்துக்கு மொத்தம் சுமார் 11 லட்சம் வேணும். 2 லட்சத்தை இந்த வருஷச் செலவுக்கு சேவிங்ஸ்ல விடுங்க. மீதி 8 லட்சத்தை 1, 2, 3, 4 வருஷத்துல முடியற மாதிரி நாலு எஃப்டியா போடுங்க. வட்டி 6.5% கிடைச்சாலே அந்த 11 லட்சத்துக்கு ஈடாகிடும். ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் இன்சூரன்ஸ், அதனால ரெண்டு பேங்க்ல பிரிச்சுப் போடுங்க.

மூணாவது பாகம், 5 லட்சம், ஆஸ்பத்திரிக்கு. இது உடனே எடுக்கற மாதிரி இருக்கணும். இன்சூரன்ஸ் இருந்தாலும் இது வேணும். ஏன்னா, மார்க்கெட் விழுந்து கிடக்கற நேரத்துல யூனிட்டை விக்க வைக்கறது பெரும்பாலும் இப்படி ஒரு அவசரச் செலவுதான்.

நாலாவது பாகம், மீதி 15 லட்சம், ஈக்விட்டி ஃபண்ட். இதுல எஸ்டபிள்யூபி கிடையாது. அஞ்சு வருஷம் தொடவே வேண்டாம்.

இந்தப் பிரிப்பு பள்ளத்துல என்ன செய்யும்?

நீங்க போட்ட அடுத்த நாளே 2008 மாதிரி ஒரு சரிவு, அதே வரிசையில வருதுன்னு வச்சுக்குங்க. முதல் வருஷம் உங்க 15 லட்சம் சுமார் 7 லட்சமா தெரியும். வயிறு கலங்கும். ஆனா போஸ்ட் ஆபீஸ் வட்டி வந்துட்டு இருக்கும், ஒவ்வொரு வருஷமும் ஒரு எஃப்டி முடிஞ்சுட்டு இருக்கும். ஒரு யூனிட் கூட விக்க வேண்டியதில்ல. அஞ்சாவது வருஷக் கடைசியில அந்த 7 லட்சம், டிவிடெண்ட் இல்லாமலே, சுமார் 14.4 லட்சத்துக்கு வந்திருக்கும். கூட 30 லட்சம் அசல் முழுசா திரும்பக் கிடைக்கும். ஆஸ்பத்திரிப் பணம் தொடலைன்னா அந்த 5 லட்சமும் இருக்கும். மொத்தம் 49 லட்சம். இதே இடத்துல எஸ்டபிள்யூபி ஆள்கிட்ட 19.7 லட்சம்தான் இருந்துச்சு. அவர் உங்களை விட அதிகமா எடுத்தார்ங்கறதும் நிஜம், அஞ்சு வருஷத்துல அவர் 30 லட்சம், நீங்க சுமார் 23 லட்சம். அந்த 7 லட்சத்தைக் கழிச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிசு.

எஃப்டி பாகத்தை மறுபடி நிரப்ப ஒரே ஒரு விதி. ஒவ்வொரு ஏப்ரல்லயும் ஃபண்ட் மதிப்பைப் பாருங்க. நீங்க போட்டதை விட நல்லா மேல இருந்தா, ஒரு வருஷச் செலவுக்கானதை மட்டும் வித்து எஃப்டியா மாத்துங்க. கீழ இருந்தா தொடாதீங்க, இருக்கற எஃப்டியில ஓட்டுங்க. இப்படிப் பண்ணினா யூனிட்டை எப்பவும் நல்ல விலையிலதான் விப்பீங்க.

இதுலயும் ஒரு எல்லை இருக்கு. சரிவு அஞ்சு வருஷத்துக்கு மேல நீண்டா எஃப்டி தீர்ந்துடும். அப்ப செலவைக் குறைக்கணும், இல்லைன்னா கொஞ்சம் நஷ்டத்துல விக்கணும். மாறா, முதல் அஞ்சு வருஷமும் மார்க்கெட் ஏறினா, 60 லட்சத்தையும் ஃபண்ட்ல போட்ட உங்க ஃப்ரெண்ட் உங்களை விட நிறைய வச்சிருப்பார். அவரைப் பார்த்து மூணாவது வருஷம் நீங்க பிளானை மாத்தினா, செஞ்சதெல்லாம் வீண்.

அத்தை “எல்லாத்தையும் எஃப்டியில போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்”னு சொல்றாங்க. அதுல பள்ளம் இல்ல, ஆனா தண்ணி வருஷா வருஷம் ஏறும். விலைவாசி 6% ஏறினா இன்னைக்கு 38,000 ஆகற வீடு, 12 வருஷத்துல, உங்க 70ல, சுமார் 76,000 கேக்கும். அந்த 15 லட்சம் ஈக்விட்டியில இருக்கறது அதுக்காகத்தான்.

ஏஜென்ட் அடுத்த தடவை வரும்போது

அவர் கெட்டவர்னு நான் சொல்லல. சண்டை போட வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “2008 ஜனவரியில 60 லட்சம் போட்டு மாசம் 50,000 எடுத்திருந்தா, இந்த ஃபண்ட்ல 2015 டிசம்பர்ல எவ்வளவு யூனிட் மிச்சம் இருக்கும்? ஸ்டேட்மென்ட் மாதிரி போட்டுக் காட்டுங்க.” மதிப்பு எவ்வளவுன்னு கேக்காதீங்க, யூனிட் எவ்வளவுன்னு கேளுங்க. அந்தக் காலத்துல இல்லாத ஃபண்ட்னா, நிஃப்டி இண்டெக்ஸை வச்சுப் போடச் சொல்லுங்க. சில ஃபண்ட் சென்செக்ஸை விட நல்லா பண்ணியிருக்கும், அதையும் அதே கண்ணால பார்த்துக்கலாம்.

அதுவரைக்கும் செக்ல கையெழுத்து வேண்டாம். பணம் வந்த தேதியை காலண்டர்ல குறிங்க, அதுல இருந்து மூணு மாசம் எண்ணிக்குங்க.

*

மாமாவுக்கு எழுதினது இவ்வளவுதான். நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது ஏற்கனவே எஸ்டபிள்யூபி ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வருடத்துக்கு எடுக்கும் தொகையை, இன்று ஃபண்டில் இருக்கும் மதிப்பால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஆரம்பத்தில் 5 வந்தது இப்போது 4 வந்தால் நல்ல இடத்தில் நடக்கிறீர்கள். 5 வந்தது இப்போது 8, 9 என்று ஏறியிருந்தால் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மாதத் தொகையை இப்போதே குறையுங்கள், அல்லது வேறு சேமிப்பிலிருந்து எடுத்து எஸ்டபிள்யூபியைச் சில காலம் நிறுத்தி வையுங்கள். ஃபண்ட் கம்பெனியின் ஆப்பிலேயே நிறுத்தவும் மாற்றவும் வழி இருக்கும்.

மேலே உள்ள பிரிப்பு என் மாமாவின் செலவு, வயது, பென்ஷனுக்கு ஏற்றது. உங்களுடைய எண்கள் வேறு, வரிக் கணக்கும் வேறு. சேமிப்புத் திட்ட வட்டியும் விதிகளும் மாறக்கூடியவை, பணம் போடும் அன்று போஸ்ட் ஆபீஸில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிலைப் படித்துவிட்டு மாமா போட்ட மெசேஜ்: “புரிஞ்சுதும்மா. ஆனா இப்ப சிரிப்பு வரல.”